சீருடைப் படத்துக்குப் பாவாடை தாவணி: பன்டிங் வேலையில் எங்கே இடறும், எப்படிச் சரிசெய்வது

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு சின்ன அச்சுக்கடையில் படவேலை பார்க்கிறேன். சடங்கு வேலைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வரும்: ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா, வெள்ளிக்கிழமைக்குள் வாசலில் வைக்க, பிள்ளையின் படம் அடித்த பதாகையான பன்டிங் வேண்டும், ஆனால் பிள்ளை பாவாடை தாவணி கட்டிய படம் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று முதலில் எனக்கும் புரியவில்லை. உடுத்தி ஒரு படம் எடுத்தால் முடிந்ததே? அப்புறம்தான் தெரிந்தது. உடை தாய்மாமன் சீர். அவர் ஈப்போவிலிருந்து விழா அன்றுதான் தட்டில் வைத்துக் கொண்டுவருவார். பிளவுஸ் சனிக்கிழமை மாலைவரை டைலரிடம் இருக்கும். ஆகவே பிள்ளையின் படம் ஒரு பக்கம், உடை இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துவைப்பது நம் வேலை.

இதில் கோளாறு முகத்தில் இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். முகத்தை இழுத்து, வெளுத்து, மழுங்கடித்துப் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுத் தடவை கோளாறு துணியில்தான் இருக்கும்: துணியின் அளவு, துணிமேல் விழுந்த வெளிச்சம், துணி எந்தத் தோளில் கிடக்கிறது என்பது. கீழே அறிகுறிவாரியாகச் சொல்கிறேன். ஃபோட்டோஷாப் தெரிந்தவர்களுக்காக எழுதுவது இது. கருவிகளின் பெயர்களைத் திரையில் உள்ளபடியே எழுதுகிறேன்.

அண்மையில் செய்த ஒரு வேலையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அம்மா கொண்டுவந்த படம், பள்ளிவிட்டு வந்த கையோடு அடுக்குமாடி வீட்டு ஜன்னலோரம் போனில் எடுத்தது. வெள்ளை பாஜு கூரோங் சீருடை, நல்ல சிரிப்பு. வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. தாய்மாமன் வாட்சாப்பில் அனுப்பிய உடைப்படம், துணிக்கடையில் பொம்மைக்கு உடுத்தி எடுத்தது. மயில்கழுத்து நிறப் பாவாடை, ராணி பிங்க் தாவணி, இரண்டிலும் சரிகைக் கரை. அங்கே வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து.

அறிகுறி: "பார்த்தா இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு மாதிரி இருக்கே"

முதல் முயற்சியைப் பார்த்ததும் அம்மா சொன்னது இது. முகம் பிள்ளையுடையதுதான், ஆனால் உடல் பெரியவளுடையது. கடைப் பொம்மைகள் பெரியவர்கள் அளவில் செய்தவை. இறக்கி வைத்திருக்கும் ரெடிமேட் பிஎஸ்டி கோப்புகளில் இருப்பவர்களும் வளர்ந்த மாடல்கள்தான். அவற்றின் கழுத்தில் பிள்ளையின் தலையை வைத்தால் தோள் அகலமாகவும் தலை சின்னதாகவும் தெரியும். உடனே தலையைப் பெரிதாக்குவார்கள். கோளாறு குறையாமல், உருவம் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

அளவு பிள்ளையின் சொந்தப் படத்திலேயே இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து முகவாய்வரை எத்தனை பிக்சல், ஒரு தோள் ஓரத்திலிருந்து மறு தோள் ஓரம்வரை எத்தனை பிக்சல் என்று `Ruler Tool` கொண்டு அளந்துகொள்ளுங்கள். நம் படத்தில் தலை 640, தோள் 1050. அதாவது தலை உயரத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவு. உடைப்படத்தில் பொம்மையின் தோள் 1180. ஆக, பிளவுஸும் தாவணியும் 89 விழுக்காட்டுக்குச் சுருங்க வேண்டும். அகலத்தை மட்டும் இறுக்காதீர்கள். நெசவும் கரைப் பூவும் ஒடுங்கிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். உயரமும் அகலமும் சேர்ந்தே குறையட்டும்.

பாவாடைக்கு இந்தக் கணக்கு வேண்டாம், டேப்பால் பார்த்துவிடலாம். பிள்ளையின் தலை உயரம் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டேன். அளந்து 22 சென்டிமீட்டர் என்றார். அப்படியானால் நம் படத்தில் ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய 29 பிக்சல். பாவாடை நீளம் 91 சென்டிமீட்டர் என்று தாய்மாமன் சொன்னார், ஆகவே இடுப்பிலிருந்து கரைவரை 2650 பிக்சல் சுமார். பாவாடையைத் தனி லேயராக வைத்து இந்த நீளத்துக்குக் கொண்டுவந்ததும், யாரும் எதுவும் சொல்லாமலே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது திரும்ப வந்துவிட்டது.

இன்னொரு சங்கதி. கேமரா உயரம். அப்பா நின்றுகொண்டு மேலிருந்து எடுத்த படத்தில் பிள்ளையின் நெற்றி பெரிதாகவும் முகவாய் சிறிதாகவும் இருக்கும். உடைப்படம் கீழிருந்து எடுத்ததாக இருந்தால் பாவாடைக் கரை கிட்டத்தட்ட நேர்கோடாகக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் அதே கரை கீழ்நோக்கி வளைந்து தெரியும். முகம் ஒரு மாதிரி, கரை ஒரு மாதிரி இருந்தால் எந்த ஒட்டும் ஒட்டாது. பாவாடைக் கரையை `Warp` கொண்டு கொஞ்சம் வளைக்கலாம். மிகவும் விலகி இருந்தால் வேறு படம் கேளுங்கள், நேரம் மிச்சம்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பாட்டி முகம் சுளிக்கிறார்

தாவணி எந்தத் தோளில் என்று பாருங்கள். வலது இடுப்பருகே செருகி, மார்பின் குறுக்கே ஏறி, இடது தோளில் விழ வேண்டும். பிள்ளை நம்மைப் பார்த்து நிற்பதால், படத்தில் அது நமக்கு வலப்பக்கம் தெரியும். பல பேருக்கு இந்த இடத்தில்தான் குழப்பம்.

தாவணி மாறிப்போவதற்கு வழக்கமான காரணம் வெளிச்சம். நம் கதையிலும் அதேதான். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம், உடையில் வலப்பக்கம். `Flip Horizontal` போட்டால் ஒரே நொடியில் வெளிச்சம் பொருந்திவிடுகிறது. அப்பாடா என்று அனுப்பிவிடுவோம். பாட்டி பார்த்ததும், "இது என்னடா, தாவணிய வலது தோள்ல போட்டு வச்சிருக்கீங்க, சடங்குக்கா இப்படி?" என்பார். அவர் சொல்வது சரி. பன்டிங்கை அடித்த பிறகு இது தெரிந்தால் செலவு நம் தலையில்.

அப்படியானால் முகத்தைத் திருப்பலாமா? கூடாது. வகிடு மாறும், மச்சம் மாறும், அம்மாவுக்கு மட்டும் உடனே தெரியும். ஒரே ஒரு விலக்கு உண்டு: படம் முன்கேமராவில் எடுத்த செல்ஃபியாக இருந்து, போன் அதைக் கண்ணாடிபோல் புரட்டிச் சேமித்திருந்தால், திருப்புவதே சரி. எப்படிக் கண்டுபிடிப்பது? சீருடையில் பள்ளிச் சின்னத்து எழுத்து நேராகப் படிக்க வருகிறதா பாருங்கள். எழுத்து இடம் வலம் மாறி ஓடினால் முகமும் புரண்டதுதான். எழுத்தே தெரியாவிட்டால் அம்மாவைக் கேளுங்கள், வகிடு எந்தப் பக்கம் என்று.

நம் படத்தில் எழுத்து நேராக இருந்தது. ஆகவே முகமும் திருப்பக்கூடாது, தாவணியும் திருப்பக்கூடாது. அப்போது வெளிச்சத்தை என்ன செய்வது? அடுத்த அறிகுறிக்கு வாருங்கள், இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறது, ஆனால் எங்கே என்று சொல்ல முடியவில்லை

முகத்தை மட்டும் பார்த்தால் நன்றாக இருக்கும். உடையை மட்டும் பார்த்தாலும் நன்றாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கண் உறுத்தும். வெளிச்சம் முரண்படும்போது வருவது இது.

முகத்தில் வெளிச்சத்தின் திசையைக் கண்டுபிடிக்க மூக்கின் நிழலையும் கருவிழியில் மின்னும் புள்ளியையும் பாருங்கள். பாவாடையில் கண்டுபிடிப்பது அதைவிட எளிது. பாவாடையின் ஒவ்வொரு மடிப்பும் நட்டுவைத்த மூங்கில்போல. அதன் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். இருபது மடிப்பு இருந்தால் இருபது தடவை "வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருகிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். பட்டாக இருந்தால் இன்னும் உரக்கச் சொல்லும்.

இதனால்தான் பலர் செய்யும் வைத்தியம் பலிப்பதில்லை. உடைமேல் ஒரு `Gradient` இழுத்து இடப்பக்கம் வெளிச்சமாகவும் வலப்பக்கம் இருட்டாகவும் ஆக்கிப் பார்ப்பார்கள். மொத்த உருவமும் இடப்பக்கம் பளிச்சென்று ஆகும், ஆனால் ஒவ்வொரு மடிப்பும் இன்னும் வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரே உடையில் இரண்டு சூரியன்.

தீர்வு, உடையை ஒரே துண்டாக நினைக்காமல் இருப்பதுதான். பாவாடை இடம் வலம் இல்லாதது. சுற்றிவரக் கரை, சுற்றிவர மடிப்பு. பிளவுஸின் இரண்டு கையும் அப்படித்தான். தாவணிக்கு மட்டும்தான் பக்கம் உண்டு. ஆகவே பாவாடை ஒரு லேயர், பிளவுஸ் ஒரு லேயர், தாவணி ஒரு லேயர் என்று பிரியுங்கள். பாவாடையையும் பிளவுஸையும் `Flip Horizontal` செய்யுங்கள். தாவணியைத் தொடாதீர்கள். வரிசையாக அன்னமோ மயிலோ உள்ள கரை புரண்டால் அது மறுபக்கம் பார்க்கும், அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது.

பிரிக்கும்போது ஒரு தொல்லை வரும். தாவணி மூடியிருந்த இடத்தில் பாவாடையின் இடுப்பும் பிளவுஸின் பாதியும் படத்திலேயே இல்லை. திருப்பிய பிறகு அந்த ஓட்டை மறுபக்கம் வந்து நிற்கும். இடுப்பருகே மடிப்புகளை `Clone Stamp` கொண்டு மேலே நீட்டிக்கொள்ளலாம், மடிப்பு நேர்கோடாக இருப்பதால் கடினமில்லை. பிளவுஸில் தெரியும் பாதியை நகல் எடுத்து மறுபாதியாக வையுங்கள். ஆனால் புரட்டிய பாதியில் வெளிச்சமும் புரளும், அதை மட்டும் அடுத்துத் தாவணிக்குச் சொல்லும் முறையில் கையால் மாற்றுங்கள்.

இனித் தாவணி. அதன் மடிப்புகள் பாவாடையைப்போல் ஆழமானவை அல்ல, மெல்லிய சாய்வான கோடுகள். அதனால் இங்கே மட்டும் வெளிச்சத்தைக் கையால் மாற்றினால் எடுபடும். தாவணிமேல் `Curves` ஒன்று, `Alt+Ctrl+G` அழுத்தி அதைத் தாவணிக்கு மட்டும் கட்டிவிடுங்கள். நடுப்பகுதியைச் சற்று மேலே தூக்கி, மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, இடப்பக்கத்து மேடுகளில் மட்டும் மெல்லிய வெள்ளைத் தூரிகையால் தடவுங்கள். இன்னொரு `Curves`, இம்முறை இறக்கிவிட்டு, படத்தின் வலப்பக்கத் தோளோரத்து மேடுகளில் தடவுங்கள். தூரிகையின் `Flow` பத்துக்குள் இருக்கட்டும். மடிப்பின் போக்கிலேயே தடவ வேண்டும், குறுக்கே அல்ல. எனக்கு இதற்கு அரைமணி பிடித்தது. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அவ்வளவு வேண்டாம்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி. எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிற `Solid Color` லேயர் ஒன்றைப் போட்டு, அதன் முறையை `Color` என்று மாற்றுங்கள். படம் கறுப்புவெள்ளையாகிவிடும். ராணி பிங்க்கும் மயில்கழுத்தும் கண்ணை மயக்கியது போய் வெளிச்சம் மட்டும் நிற்கும். அப்போது முகத்தின் இடப்பக்கமும் பாவாடை மடிப்பின் இடப்பக்கமும் சேர்ந்து பளிச்சென்று இருந்தால் சரி. பார்த்ததும் அந்த லேயரை அணைத்துவிடுங்கள். நான் ஒருமுறை அணைக்காமலே அனுப்பி வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெளிச்சம் பொருந்தியும் உறுத்தினால் கூர்மையைப் பாருங்கள். போன் படத்து முகம் சற்று மென்மையாக இருக்க, உடை ஊசிமுனைபோல் தெரியலாம். உடைக்கு `Gaussian Blur` அரை பிக்சலிலிருந்து ஒரு பிக்சல்வரை கொடுத்தால் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்தவைபோல் ஆகும். முகத்தைக் கூர்மையாக்கப் போகாதீர்கள். தோலில் மணல் தூவியதுபோல் ஆகிவிடும்.

அறிகுறி: தாவணியும் அட்டிகையும் உடம்பில் படாமல் மிதக்கின்றன

ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் நடுவே ஒரு மெல்லிய நிழல் விழ வேண்டும். அது இல்லை, அவ்வளவுதான். `Drop Shadow` போடாதீர்கள். அது ஓரம் நெடுக ஒரே அளவில் விழுந்து, திருமணப் பத்திரிகை எழுத்துபோல் துருத்திக்கொண்டு நிற்கும். தாவணிக்குக் கீழே ஒரு புது லேயர், முறை `Multiply`. நிறம் கறுப்பு அல்ல. பிள்ளையின் கழுத்து நிழலிலிருந்து எடுத்த பழுப்பு. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருவதால் தாவணியின் வலது ஓரத்தில் நாலைந்து பிக்சல் அகலத்துக்கு மட்டும் தடவி, லேயரின் `Opacity` 25 விழுக்காடாக்குங்கள். தாவணி உடம்பை ஒட்டும் இடத்தில் நிழல் ஒடுங்கியும், விலகித் தொங்கும் இடத்தில் அகன்றும் இருக்கட்டும்.

அறிகுறி: தாவணியின் முந்தானை சாம்பல் படிந்து கிடக்கிறது

ஜார்ஜெட், நெட், ஆர்கன்சா போன்ற மெல்லிய தாவணிகளில் வரும். தோளிலிருந்து தொங்கும் முந்தானையின் ஊடே துணிக்கடைச் சுவர் தெரிந்துகொண்டிருந்தது. நாம் வெட்டி எடுக்கும்போது அந்தச் சுவரும் கூடவே வந்துவிட்டது. மாஸ்க்கை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் போகாது, ஏனென்றால் அது ஓரத்தில் இல்லை, துணிக்குள்ளேயே இருக்கிறது.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்திருந்தால் வேலை எளிது. முந்தானையை மட்டும் தனி லேயராக்கி `Multiply` போடுங்கள், வெள்ளை கரைந்துவிடும், துணி நிற்கும். சரிகைக் கரை மட்டும் மங்கும். அதனால் கரையை இன்னொரு நகலெடுத்து `Normal` முறையில் அதன்மேல் வையுங்கள். பன்டிங்கின் பின்னணி அடர்நிறமாக இருந்தால் `Multiply` பலிக்காது, தாவணியே காணாமல் போகும். அப்போது முந்தானைக்குக் கீழே பின்னணியைக் கொஞ்சம் வெளுப்பாக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை.

சுவர் நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தாய்மாமனிடம் நான் கேட்டது இதுதான்: "மாமா, வெள்ளைச் சுவர் பக்கம் பொம்மையை நகர்த்தி, இடுப்பு உயரத்தில் போனை வச்சு எடுங்க. அனுப்பும்போது படமா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க." வாட்சாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, சரிகை கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமென்ட்டாக வந்தால் எடுத்த அளவிலேயே வரும். அவர் கடைக்காரரிடம் கேட்டு மறுநாளே அனுப்பிவிட்டார்.

அறிகுறி: கழுத்துக்கும் பிளவுஸுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, கையைக் காணோம்

பாஜு கூரோங்கின் கழுத்து மேலேயே ஒட்டியிருக்கும், கை மணிக்கட்டுவரை இருக்கும். பாவாடை தாவணி பிளவுஸோ கழுத்து சற்று இறங்கியது, கை முழங்கைவரைதான். ஆகவே இடையில் தெரியவேண்டிய தோல் படத்திலேயே இல்லை.

இங்கே எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளையின் கழுத்துக்குக் கீழே நான் தோலை வரைவதில்லை. வேறொருவர் உடம்பை ஒட்டுவதுமில்லை. கழுத்தை ஒட்டிய பிளவுஸ் படம் ஒன்றை எடுத்து, அதன்மேல் அட்டிகையை வைத்தால் முடிந்தது. அம்மாவிடம் சொன்னால் நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்வார்கள். கைக்கு மட்டும் இன்னொரு படம் கேட்பேன். அதே ஜன்னல், அதே நேரம், அரைக்கை டிஷர்ட், இரண்டு கையாலும் ஒரு தாம்பாளத்தைப் பிடித்தபடி. நம் கதையில் பிள்ளை தாம்பாளத்துக்குப் பதில் ஒரு பீங்கான் தட்டைப் பிடித்து நின்றது. தட்டைத் தாம்பாளமாக்குவது பெரிய வேலையில்லை, விரல்கள் கிடைத்ததே போதும்.

முகத்தையும் அதே இரண்டாவது படத்திலிருந்து எடுக்கலாம்தான். ஆனால் அம்மாவுக்கு அந்தப் பழைய சிரிப்புத்தான் வேண்டும். சரி, அவர் பிள்ளை.

முகமும் கையும் வேறு வேறு படத்திலிருந்து வந்தால் நிறம் மாறும். `Curves` கொண்டு கையை முகத்துக்குப் பொருத்துங்கள், முகத்தைக் கைக்கு அல்ல. இந்த இடத்தில் ஒரு கோரிக்கை தவறாமல் வரும்: "அண்ணே, கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க." முகத்தை வெளுத்தால் கழுத்தும் கையும் பின்தங்கும், அவற்றையும் வெளுத்தால் ராணி பிங்க் தாவணிக்கு எதிரில் பிள்ளை காய்ச்சல்காரிபோல் தெரியும். நான் வெளுப்பதற்குப் பதில் முகத்தின் நிழல்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டுவேன். "ஆ, இப்ப சரி" என்பார்கள். நிறம் ஒரு துளியும் மாறியிருக்காது.

அறிகுறி: கூந்தலைச் சுற்றி வெளிறிய கோடு

`Select and Mask` உள்ளே போய், தூரிகையால் ஓரத்தைத் தடவி, `Decontaminate Colors` டிக் செய்யுங்கள். சிலுப்பிக்கொண்டு நிற்கும் மயிரை எல்லாம் காப்பாற்றப் பார்க்காதீர்கள். பாதியை வெட்டிவிடலாம், தலைவாரிப் பூவைத்த பிள்ளைக்கு அது இருக்கவும் கூடாது. மல்லிகைச் சரம் காதுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தால் மீதிக் கோட்டை அதுவே மறைத்துவிடும்.

அறிகுறி: திரையில் பளபளத்தது, பன்டிங்கில் செத்துப்போயிற்று

ராணி பிங்க், கிளிப்பச்சை, மயில்கழுத்து. பட்டுக்கடையில் கண்ணைப் பறிக்கும் இந்த மூன்றும் அச்சில் தொல்லை கொடுப்பவை. திரை வெளிச்சத்தால் காட்டுகிறது, மை அப்படிக் காட்டாது. `Ctrl+Y` அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு தெரியும். `Shift+Ctrl+Y` அழுத்தினால் மைக்கு எட்டாத இடங்கள் சாம்பல் நிறமாகிவிடும். நம் படத்தில் தாவணி முக்கால்வாசி சாம்பலாகிப்போனது.

அப்போது `Saturation` மொத்தமாகக் குறைத்தால் தாவணி தட்டையாகி, மடிப்பெல்லாம் ஒரே பூச்சாக நிற்கும். மடிப்பின் மேட்டில் மட்டும் நிறத்தைக் குறைத்துப் பள்ளத்தில் அப்படியே விடுங்கள். நிறம் கொஞ்சம் இறங்கினாலும் துணி துணியாகவே தெரியும்.

சரிகையின் கதை வேறு. நம் பன்டிங் அச்சில் தங்க மை எதுவும் இல்லை. மஞ்சள், பழுப்பு, நடுவே சின்னச் சின்ன வெள்ளை மின்னல் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் கண் அதைத் தங்கம் என்று நம்புகிறது. அந்த ஏற்றத்தாழ்வை மழுங்கடித்தால் சரிகை கடுகு நிறத் துணியாகிவிடும். ஆகவே உடை முழுவதற்கும் மங்கல் கொடுத்திருந்தால், கரையில் மட்டும் மாஸ்க்கால் அதை விலக்கிவிடுங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2 அடிக்கு 5 அடிப் பன்டிங்கை நான் அங்குலத்துக்கு 100 பிக்சல் என்று வைப்பேன், 2400க்கு 6000. வாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு அது தாராளம். நம் பிள்ளையின் தலை 640 பிக்சல் இருந்ததால் பெரிதாக்க வேண்டியே வரவில்லை. தலை 200 பிக்சல் மட்டும் உள்ள படம் வந்தால், ஏற்றுக்கொள்ளும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், முகம் மசமசவென்றுதான் வரும் என்று.

கடைசியாக, முழுசும் அடிக்கும் முன் முகமும் தாவணிக் கரையும் சேர்ந்து வரும் ஒரு துண்டை மட்டும் அதே பன்டிங் துணியில் அடித்துப் பாருங்கள். கடை விளக்கில் பார்க்காமல் வாசல் வெயிலில் வைத்துப் பாருங்கள், அங்கேதானே நிற்கப்போகிறது. அச்சுக்குச் செய்த சிஎம்ஒய்கே கோப்பை அப்படியே வாட்சாப் அழைப்பிதழுக்கும் அனுப்பிவிடாதீர்கள். சில போன்களில் நிறம் கன்னாபின்னாவென்று வரும். அதற்கு ஆர்ஜிபியில் தனியாக ஒன்று சேமித்து அனுப்புங்கள். நான் இரண்டையும் வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினேன். சனிக்கிழமை மாலை அம்மா கூப்பிட்டார்: டைலர் பிளவுஸ் கையில் கரையை இரண்டு விரல் அகலமாக வைத்துத் தைத்துவிட்டாராம், படத்தில் ஒரு விரல்தான் இருக்கிறதாம். பன்டிங் ஏற்கெனவே மண்டபத்துக்குப் போய்விட்டது, அக்கா, என்றேன்.